நூறு ரூபாயில் ஒரு ரூபாய்

ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர், தீபாவளி விற்பனை ஓய்ந்த பிறகு ஒருநாள் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தார். கடையில் பற்று வரவு எழுதுகிற அதே நீள நோட்டு. பங்குச் சந்தையில் தான் செய்த பத்து வியாபாரங்களை அதில் வரிசையாக எழுதியிருந்தார். வாங்கிய தேதி, விலை, எத்தனை பங்கு, விற்ற விலை, லாபமா நஷ்டமா என்று எல்லாம் இருந்தது.

"பத்துல ஆறு லாபங்ணா. ஆனா காசு குறைஞ்சிருக்குது. எங்க தப்புன்னே புரியலீங்க" என்றார்.

மூன்று லட்சம் ரூபாயில் தொடங்கியிருந்தார். ஆறு லாபங்களும் சேர்ந்து 27,400 ரூபாய். மூன்று சிறிய நஷ்டங்கள் சேர்ந்து 9,800. அதுவரை 17,600 ரூபாய் கையில் நின்றது. பத்தாவது வியாபாரத்தில்தான் கதை மாறியது. 180 ரூபாய் விலையில் இருந்த ஒரு பங்கில் 1,700 வாங்கியிருந்தார். அதாவது 3,06,000 ரூபாய், கிட்டத்தட்ட கையில் இருந்த பணம் முழுவதும். 162 ரூபாய்க்கு இறங்கினால் விற்றுவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். சொன்னபடி விற்றும் விட்டார். பங்குக்கு 18 ரூபாய் நஷ்டம், 1,700 பங்குக்கு 30,600 ரூபாய். ஆறு லாபமும் போய், முதலில் இருந்து 13,000 ரூபாயும் போய்விட்டது.

அவர் தேர்ந்தெடுத்த பங்கில் பெரிய பிழை இல்லை. நஷ்டத்தில் வெளியேறவும் தயங்கவில்லை. வாங்கிய எண்ணிக்கையில் மட்டும்தான் பிழை. முதல் வியாபாரத்தில் 30,000 ரூபாய்க்கு வாங்கியவர், அடுத்தடுத்து லாபம் வந்ததும் தைரியம் கூடி, பத்தாவதில் பத்து மடங்கு வாங்கியிருக்கிறார். மனத்தில் நம்பிக்கை உச்சத்தில் இருந்த அன்று பணமும் உச்சத்தில் இருந்தது. அன்றுதான் பங்கு இறங்கியது.

"தம்பி, புதுசா வர்ற ஒரு பார்ட்டிக்குக் குடோன்ல இருக்கிற மொத்தச் சரக்கையும் கடனுக்குக் கொடுப்பீங்களா?"

"அதெப்படிங்ணா குடுக்க முடியும்? ஒரு பார்ட்டிக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்குதுல்லங்க."

அந்த அளவைப் பங்கு வியாபாரத்தில் எப்படிப் போடுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. வியாபாரிகள் இதைப் 'பொசிஷன் சைசிங்' என்கிறார்கள். ஒரு வியாபாரம் முழுக்கத் தப்பாகிப்போனால் மூலதனத்தில் நூற்றுக்கு ஒரு ரூபாய், அதிகம் போனால் இரண்டு ரூபாய் மட்டுமே போகிற மாதிரி வாங்கும் எண்ணிக்கையை அமைத்துக்கொள்வது அதன் எளிய வடிவம்.

இங்கே பலரும் ஓரிடத்தில் இடறுவார்கள். ஒரு சதவீதம் என்றால் மூன்று லட்சத்தில் 3,000 ரூபாய்க்கு மட்டும் பங்கு வாங்குவது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. வாங்கும் தொகை வேறு, இழக்கச் சம்மதிக்கும் தொகை வேறு. 3,000 என்பது இழக்கச் சம்மதிக்கும் தொகை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூலதனம் 3,00,000. பங்கின் விலை 640. அது 608-க்கு வந்தால் நாம் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டு விற்கப்போகிறோம். அந்த 608-தான் ஸ்டாப் லாஸ். இரண்டுக்கும் இடைவெளி 32 ரூபாய். ஒவ்வொரு பங்கிலும் 32 ரூபாய் போகலாம் என்றால், மொத்தம் 3,000-க்கு மேல் போகாமல் எத்தனை பங்கு வாங்கலாம்? 3,000-ஐ 32-ஆல் வகுத்தால் 93.

ஆனால் 93 வாங்கக் கூடாது. விற்கும்போது சரியாக 608 கிடைக்காது. ஐம்பது காசோ ஒரு ரூபாயோ கீழேதான் கிடைக்கும். பங்குப் பரிவர்த்தனை வரி, டெலிவரியில் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் பிடிக்கப்படும். முத்திரைக் கட்டணம், டிமேட் கணக்கில் இருந்து பங்கு வெளியேறுவதற்கான கட்டணம் என்று மேலும் கொஞ்சம் போகும். இவற்றுக்காகப் பங்குக்கு 2 ரூபாய் சேர்த்து, இடைவெளியை 34 என்று வைத்துக்கொண்டால் 88 பங்கு வருகிறது. 88 பங்குக்கு 56,320 ரூபாய் போடுகிறோம். இது மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஸ்டாப் லாஸ் அடிபட்டால், செலவெல்லாம் சேர்த்து, போவது 3,000-க்குள்.

இந்தக் கணக்கின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் எந்த விலையில் நம் எண்ணம் தவறாகிறது என்று தீர்மானிக்கிறோம். அதிலிருந்து இடைவெளி வருகிறது. எண்ணிக்கை கடைசியில்தான் வருகிறது. நடைமுறையில் பெரும்பாலானோர் செய்வது தலைகீழ். ஐந்நூறு பங்கு என்று முழு எண்ணாக முதலில் முடிவு செய்கிறார்கள். பிறகு எவ்வளவு நஷ்டம் தாங்கும் என்று யோசித்து, அதற்கேற்ற இடத்தில் ஸ்டாப் லாஸை வைக்கிறார்கள். நம் பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தப் பங்குக்குத் தெரியாது. அது தன் வழக்கமான ஏற்ற இறக்கத்திலேயே அந்த விலையைத் தொட்டுவிட்டு மேலே போய்விடும்.

அந்த 608 எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் சிகாகோவுக்குப் போக வேண்டும். ரிச்சர்ட் டென்னிஸ் என்ற பெரும் வியாபாரி அங்கே இருந்தார். நல்ல வியாபாரியை உருவாக்க முடியுமா, அது பிறவியிலேயே வருவதா என்று அவருக்கும் நண்பர் வில்லியம் எக்கார்ட்டுக்கும் வாதம். சிங்கப்பூரில் ஆமை வளர்ப்பதுபோல வியாபாரிகளையும் வளர்த்துக் காட்டலாம் என்பது டென்னிஸின் கட்சி. 1983 இறுதியில் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, முன் அனுபவம் அதிகம் இல்லாத சிலரைத் தேர்ந்தெடுத்து, இரண்டே வாரம் பயிற்சி கொடுத்தார். அவர்களுக்கு 'டர்ட்டில்கள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர்களில் ஒருவரான கர்ட்டிஸ் ஃபெயித் பின்னாளில் அந்த விதிகளை வெளியிட்டார். எதை வாங்குவது என்பதைவிட எவ்வளவு வாங்குவது என்பதற்கு அந்த விதிகளில் இருந்த நுணுக்கம் இன்றும் படிப்பவரை வியக்க வைக்கும்.

ஒரு சரக்கின் விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கடைசி இருபது நாட்களை வைத்துக் கணக்கிடுவார்கள். அந்த ஆட்டத்துக்கு 'என்' என்று பெயர். ஒரு 'என்' அளவு விலை நகர்ந்தால் மூலதனத்தில் ஒரு சதவீதம் கூடவோ குறையவோ செய்கிற அளவுக்குத்தான் வாங்குவார்கள். ஸ்டாப் லாஸ் இரண்டு 'என்' தள்ளி இருக்கும். ஆக, தவறினால் போவது இரண்டு சதவீதம். காபியோ, கச்சா எண்ணெயோ, அமெரிக்க அரசுப் பத்திரமோ, எல்லாமே இந்த ஒரே தராசில் நிறுக்கப்பட்டன. அதிகம் ஆடுகிற சரக்கில் எண்ணிக்கை குறையும், அமைதியானதில் கூடும். தோல்வி எதில் வந்தாலும் அடி ஒரே அளவில் விழும்.

நம் உதாரணப் பங்கு ஒரு நாளில் சராசரியாக 16 ரூபாய் ஆடுகிறது என்று வைத்துக்கொண்டேன். இருமடங்கு 32. 640-இல் இருந்து 32 கழித்தால் 608. இந்தத் தினசரி ஆட்டத்தை 'ஏடிஆர்' என்ற பெயரில் எல்லா விலைப்பட மென்பொருளும் இன்று காட்டுகின்றன. வெல்ஸ் வைல்டர் என்பவர் 1978-ல் வெளியிட்ட புத்தகத்தில் இருந்து வந்த அளவு அது.

ஏன் ஒன்று அல்லது இரண்டு? ஏன் ஐந்தோ பத்தோ கூடாது? காரணம், தொடர் தோல்விகள் நாம் எண்ணுவதைவிட அதிகமாக வரும். பூவா தலையா என்று ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து முறை பூ விழுவதற்கு நூற்றுக்கு 81 வாய்ப்பு இருக்கிறது. இது சரிபாதி வெற்றி தருகிற ஆட்டத்தில். டர்ட்டில்கள் செய்ததுபோல விலைப்போக்கைப் பின்தொடர்கிற முறைகளில் பத்தில் நான்கு வெற்றி வந்தாலே நல்லது. கிடைக்கிற லாபங்கள் பெரிதாக இருப்பதால் அவை பிழைக்கின்றன. அப்படிப்பட்ட முறையில் நூறு வியாபாரம் செய்தால், தொடர்ந்து பத்து நஷ்டம் வருவதற்கே ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு.

அந்தப் பத்து நஷ்டமும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு சதவீதம் இழந்தவரிடம் மூன்று லட்சத்தில் 2,71,000 ரூபாய் மிச்சம் இருக்கும். பழைய நிலைக்கு வர அவருக்குப் 11 சதவீத லாபம் போதும். இரண்டு சதவீதம் என்றால் 2,45,000 இருக்கும்; 22 சதவீத லாபம் வேண்டும். பத்துப் பத்து சதவீதமாக இழந்தவரிடம் மிஞ்சுவது 1,04,600. மறுபடியும் மூன்று லட்சத்தைத் தொட அவர் 187 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். அந்த நிலைமையில் யாருக்கும் நிதானம் இருக்காது. ஒரே அடியில் மீட்டுவிடலாம் என்று மிச்சத்தையும் ஒரே இடத்தில் வைப்பார்கள். அதற்குப் பிறகு நோட்டில் எழுத ஒன்றும் இருக்காது.

ஒவ்வொரு முறையும் அன்றைய மூலதனத்தில் இருந்தே சதவீதத்தை எடுக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான். ஒரு நஷ்டத்துக்குப் பிறகு 2,97,000 இருந்தால் அடுத்த எல்லை 2,970. தோற்கத் தோற்க அளவு தானாகச் சுருங்குகிறது. ஜெயிக்க ஜெயிக்கத் தானாக விரிகிறது. டர்ட்டில்களுக்கு இன்னும் கடுமையான விதி உண்டு. கணக்கில் பத்து சதவீதம் குறைந்தால், மீதியைப் பார்த்து அளவைக் குறைத்தால் போதாது. மூலதனம் இருபது சதவீதம் குறைந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு வியாபாரம் செய்ய வேண்டும்.

ஒரு பங்கு இறங்க இறங்க மேலும் வாங்கி விலையைச் சராசரி செய்வது நம் ஊரில் பெரும் பழக்கம். அது இந்தக் கணக்கை எப்படிக் குலைக்கிறது என்று பாருங்கள். 640-இல் 88 பங்கு வாங்கியவர், 612-இல் இன்னொரு 88 வாங்கி, ஸ்டாப் லாஸை 590-க்கு இறக்குகிறார். அது அடிபட்டால் முதல் 88-இல் பங்குக்கு 50 ரூபாய், இரண்டாவதில் 22 ரூபாய், மொத்தம் 6,336. ஒரு சதவீதம் என்று தொடங்கியது, எந்த முடிவும் எடுக்காமலேயே இரண்டு சதவீதத்தைத் தாண்டிவிட்டது. டர்ட்டில்களும் கூடுதலாக வாங்கினார்கள். விலை தங்களுக்குச் சாதகமாக ஏறும்போது மட்டும், பழைய ஸ்டாப் லாஸையும் மேலே ஏற்றிக்கொண்டு.

இப்போது இந்த முறையின் பெரிய ஓட்டைக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு சதவீத விதியைப் பிடித்துக்கொண்டு பணத்தை விட்டவர்களை நான் அறிவேன்.

அதே 640 ரூபாய்ப் பங்கு. ஒருவர் ஸ்டாப் லாஸை 632-இல் வைக்கிறார். இடைவெளி 8 ரூபாய்தான். 3,000-ஐ 8-ஆல் வகுத்தால் 375 பங்கு. மதிப்பு 2,40,000. காகிதத்தில் ஒரு சதவீத ரிஸ்க்தான், ஆனால் மூலதனத்தில் எண்பது சதவீதம் ஒரே பங்கில் போய் உட்கார்ந்துவிட்டது. நெருக்கமான ஸ்டாப் லாஸ் பாதுகாப்பு என்று அவர் நம்புகிறார். ஒரு நாளில் 16 ரூபாய் ஆடும் பங்கில் 8 ரூபாய் என்பது அரை நாள் ஆட்டம். அது அடிபடுவது ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, அது அடிபடாமல் தாண்டிப் போவது.

மாலை மூன்றரை மணிக்குச் சந்தை மூடி மறுநாள் காலை ஒன்பதே காலுக்குத் திறக்கும் வரை ஸ்டாப் லாஸ் என்ற ஒன்று இல்லை. இரவில் கெட்ட செய்தி வந்தால் பங்கு 576-இல் திறக்கலாம். 632 என்ற விலையில் வியாபாரமே நடக்காது. 375 பங்குக்கு 64 ரூபாய் வீதம் 24,000 ரூபாய் போகும். ஒரு சதவீதம் என்றது எட்டு சதவீதமாகிவிடும்.

பங்குச் சந்தையில் இருந்த யாரும் 2009 ஜனவரி 7-ஐ மறந்திருக்க மாட்டார்கள். கணக்குகளில் பல ஆண்டுகளாகப் பொய் எழுதியதாகச் சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதிய நாள். முதல் நாள் 179 ரூபாய் அளவில் இருந்த பங்கு அன்று மாலை 40 ரூபாய் அளவில் முடிந்தது. அது ஏதோ பெயர் தெரியாத பங்கு இல்லை. நிஃப்டி குறியீட்டிலேயே இருந்த நிறுவனம். செய்தி வந்தது சந்தை நடந்துகொண்டிருந்தபோது. வாங்க ஆளில்லாமல் விலை விழுகிற வேகத்தில், நாம் குறித்துவைத்த விலைக்கு என்ன மதிப்பு இருக்கும்?

ஸ்டாப் லாஸ் ஆர்டரிலும் இரண்டு வகை உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்றில் ட்ரிக்கர் விலை 608, லிமிட் 606 என்று இரண்டு விலை கொடுக்கிறோம். பங்கு 595-இல் திறந்தால் ட்ரிக்கர் ஆகிவிடும். ஆனால் 606-க்குக் குறைவாக விற்காதே என்று நாமே சொல்லியிருப்பதால், ஆர்டர் அப்படியே தொங்கும். பங்கு 580, 570 என்று இறங்கிக்கொண்டே போகும். ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேன் என்ற நிம்மதியில் நாம் வேறு வேலையில் இருப்போம். மற்ற வகையில் ட்ரிக்கர் ஆனதும் கிடைத்த விலைக்கு விற்றுவிடும். விலை மோசமாக இருக்கலாம், ஆனால் வெளியே வந்துவிடுவோம். இதுவும் எஃப் அண்ட் ஓ பட்டியலில் இல்லாத சிறிய பங்குகளில் உதவாமல் போகலாம். அவற்றுக்குத் தினசரி விலை வரம்பு உண்டு. கீழ் வரம்பில் போய்ப் பூட்டிக்கொண்டால் விற்பவர் வரிசையில் நிற்போம், வாங்க ஒருவரும் இருக்க மாட்டார். சில நேரம் அது நாட்கணக்கில் நீளும்.

அதனால் ஒரு சதவீத விதியோடு இன்னொரு பூட்டும் வேண்டும். ஸ்டாப் லாஸ் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், இரவு தாண்டி வைத்திருக்கும் ஒரே பங்கில் மூலதனத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை என்பது என் வழக்கம். மூன்று லட்சத்தில் அது 60,000. சத்யம் மாதிரி ஒன்று நடந்தால் அப்போதும் 46,000 ரூபாய்க்கு மேல் போகும். வலிக்கும், ஆனாலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கையில் இருக்கும். 2,40,000 ரூபாய் போட்டவருக்கு 1,86,000-க்கு மேல் போயிருக்கும்.

இன்னொரு ஓட்டை, ஒரே நேரத்தில் பல பங்குகள் வைத்திருப்பதில் இருக்கிறது. ஐந்து பொதுத்துறை வங்கிப் பங்குகளில் தனித்தனியே ஒரு சதவீத ரிஸ்க் எடுத்தவர், தான் ஐந்து சிறிய பந்தயங்கள் கட்டியிருப்பதாக நினைப்பார். உண்மையில் கட்டியிருப்பது ஐந்து சதவீதத்தில் ஒரே பந்தயம். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம். ஜூன் 3 அன்று, கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ண எண்ண, கிட்டத்தட்ட ஆறு சதவீதம் சரிந்தது. பொதுத்துறை வங்கிகளின் குறியீடு அந்த ஒரே நாளில் 15 சதவீதம் அளவுக்கு விழுந்தது. ஐந்து வங்கிப் பங்கு வைத்திருந்தவருக்கு ஐந்து ஸ்டாப் லாஸும் ஒன்றாக அடிபட்டிருக்கும்.

டர்ட்டில்கள் இதற்கும் எல்லை வைத்திருந்தார்கள். ஒரே சரக்கில் நான்கு யூனிட், நெருங்கிய தொடர்புள்ள சரக்குகளில் சேர்த்து ஆறு, ஒரே திசையில் மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டும் தனித்தனிச் சந்தைகளில் என்றால் அப்போதும் 24 சதவீதம் பணயத்தில் இருக்கும். அது சாதாரண மனிதருக்கு மிக அதிகம் என்பதே என் கருத்து. உளவியல் மருத்துவராக இருந்து வியாபாரிக்கு மாறிய அலெக்சாண்டர் எல்டர் சொன்னது இன்னும் நடைமுறைக்கு உகந்தது. ஒரு வியாபாரத்தில் இரண்டு சதவீதம். அந்த மாதத்தில் ஏற்கெனவே போன நஷ்டமும், திறந்திருக்கும் வியாபாரங்களில் போகக்கூடியதும் சேர்ந்து ஆறு சதவீதத்தைத் தொட்டால், மாதம் முடியும் வரை புதிதாக எதுவும் வாங்காதே என்றார் அவர்.

நிஃப்டி ஃபியூச்சர், ஆப்ஷன் செய்கிறவர்கள் இதுவரை படித்துவிட்டு, எங்களுக்கு இது எப்படி என்று கேட்கலாம். மூன்று லட்சம் வைத்திருப்பவருக்கு நேர்மையான பதில், பெரும்பாலும் பொருந்தாது என்பதுதான். பங்கில் 88 வாங்கலாம், 87-ம் வாங்கலாம். ஃபியூச்சரில் லாட் கணக்கில்தான் வாங்க முடியும். ஒரு ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும் என்று 2024-ல் செபி உயர்த்திவிட்டது. லாட் அளவு அவ்வப்போது மாறும்; 75 என்று வைத்துக்கொண்டால், 100 புள்ளி தள்ளி ஸ்டாப் லாஸ் வைத்தாலே ஒரு லாட்டில் 7,500 ரூபாய் போகும். அது ஒரு சதவீதமாக இருக்க ஏழரை லட்சம் மூலதனம் வேண்டும். மூன்று லட்சத்துக்குள் அடக்க வேண்டுமானால் 40 புள்ளியில் ஸ்டாப் லாஸ் வைக்க வேண்டும். நிஃப்டி சில நிமிடங்களிலேயே அந்த 40 புள்ளியைக் கடந்துவிடும். ஆப்ஷன் வாங்கினாலும் அதே கதை. ப்ரீமியம் 40 ரூபாய்க்குள் இருந்தால்தான் முழுவதும் போனாலும் 3,000-இல் நிற்கும். அந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் சந்தை விலையில் இருந்து வெகுதூரம் தள்ளி இருப்பவை. அவற்றில் அதிகமானவை காலாவதி நாளில் பூஜ்யமாகின்றன. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. உங்கள் மூலதனத்தில் ஒரு லாட்கூட ஒரு சதவீதத்துக்குள் அடங்கவில்லை என்றால், இந்தக் கணக்கு தரும் விடை பூஜ்யம் லாட். பூஜ்யமும் ஒரு விடைதான்.

கடைசியாக ஒன்று. அளவு போடுவதால் லாபம் பிறக்காது. நூறு வியாபாரத்தில் நாற்பது ஜெயித்து அறுபது தோற்று, லாபமும் நஷ்டமும் ஒரே அளவில் இருந்தால் அந்த முறை தோற்கும் முறைதான். ஒரு சதவீதம் வைத்து ஆடினால் நூறு வியாபாரத்தின் முடிவில் 18.5 சதவீதம் போயிருக்கும். பத்து சதவீதம் வைத்து ஆடினால் 92 சதவீதம் போயிருக்கும். முதலாமவரிடம் நோட்டில் நூறு வரிகளும் இருக்கும், கையில் பணமும் இருக்கும். என் முறை வேலை செய்யவில்லை என்று அந்த நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு அவர் நிறுத்த முடியும்.

ஈரோட்டுத் தம்பியின் பத்து வியாபாரங்களையும் அன்று மாலை மறுபடி எழுதிப் பார்த்தோம். அதே பங்குகள், அதே விலைகள், அதே தேதிகள். எண்ணிக்கையை மட்டும் ஒவ்வொன்றிலும் 3,000 ரூபாய் ரிஸ்க்குக்கு மாற்றினோம். பத்தாவது வியாபாரத்தில் 1,700 பங்குக்குப் பதிலாக 166 பங்கு வந்தது. ஆறு லாபங்களும் சேர்ந்து 24,000, நான்கு நஷ்டங்களும் சேர்ந்து 12,000. செலவுகள் போகாத கணக்கில் 12,000 ரூபாய் லாபம். அவர் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவருடைய நோட்டில் வாங்குவதற்கு முன்பே நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் இருக்கிறது: 'போனால் எவ்வளவு?'

நீங்களும் பங்கு வைத்திருப்பவர் என்றால், இன்று இரவு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் எந்த விலையில் விற்பீர்கள் என்று எழுதி, இன்றைய விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகை உங்கள் மூலதனத்தில் நூற்றுக்கு ஆறு ரூபாயைத் தாண்டினால், நாளைக் காலை எதையும் வாங்காதீர்கள். முதலில் எதைக் குறைப்பது என்று பாருங்கள்.